துணைவரிடம் ஒரு மாத அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி

உறவை முறித்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை, அதற்குள் இருந்துகொண்டே நிதானமாக யோசிக்கவும் முடியவில்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண், தன் துணைவரிடம் ஒரு மாதம் தனித்திருக்கக் கேட்டு எழுதும் கடிதத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. இப்படியொரு கடிதத்தை முதன்முறையாக எழுத உட்காருகிறவர்களுக்கு மனத்திலிருப்பதைச் சொல்லும் வரிகள் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. விடுபட்டுப் போவது அந்த ஒரு மாதம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லும் வரிகள்தான். இத்தகைய கடிதங்களை எழுதிய பெண்களோடும் அவற்றைக் கையில் வாங்கிய ஆண்களோடும் பேசிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: அந்த மாதத்தில் அவருக்கு எழக்கூடிய கேள்விகளுக்குக் கடிதத்திலேயே பதில் இருந்தால் அவர் காத்திருப்பார், பதில் இல்லாவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சில நாள்களிலேயே அழைத்துவிடுவார்.

எழுதுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. உறவை முடித்துக்கொள்வது என்று உள்ளுக்குள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டீர்கள் என்றால் இந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். அடியை மெதுவாகக் கொடுப்பதாக நினைத்து ஒரு மாதம் கேட்பது, அவரை முப்பது நாள் வீணாக நம்ப வைப்பதாகத்தான் முடியும். இன்னொன்று இதைவிட முக்கியமானது. அவர் உங்களை அடிப்பவராகவோ, மிரட்டுபவராகவோ, உங்கள் கைபேசியையும் போக்குவரத்தையும் கண்காணிப்பவராகவோ இருந்தால், இங்கே சொல்லப்படும் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. வன்முறை உள்ள உறவில் பெண் விலகப்போகிறாள் என்று ஆணுக்குத் தெரியவரும் நேரமே ஆபத்து கூடும் நேரம். அங்கே முன்கூட்டித் தேதி சொல்வதும், தங்கப்போகும் இடத்தைத் தெரிவிப்பதும் தீங்காக முடியலாம். நம்பிக்கையான ஒருவரிடமோ உதவி மையத்திடமோ பேசிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அப்போது முதல் வேலை. இந்தக் கட்டுரை, அவர்மீது கோபமோ குழப்பமோ இருந்தாலும் பயம் இல்லாத பெண்களுக்கானது.

முதலில் உங்களுக்கு எழுதுங்கள்

அனுப்பாத ஒரு கடிதத்தை முதலில் எழுத வேண்டும். அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம்: பழைய மனத்தாங்கல்கள், அவர் மறந்துபோன வாக்குறுதிகள், சொல்லாமல் விழுங்கிய பதில்கள். அதை இரண்டொரு நாள் எடுத்து வைத்துவிட்டு மறுபடி படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத் தேடுங்கள்: இந்த ஒரு மாதத்தில் நான் எதைப் பற்றி யோசிக்கப் போகிறேன்? 'எங்களைப் பற்றி' என்பது போதாது. 'அவரோடு வேறு ஊருக்குப் போய் வாழ எனக்கு விருப்பமா, அல்லது வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் தலையாட்டுகிறேனா' என்பது யோசிக்கக்கூடிய கேள்வி. 'குழந்தை வேண்டும் என்பது என் ஆசையா, அவருடைய ஆசையை நான் சுமக்கிறேனா' என்பதும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தில் அடங்கும் கேள்வி கிடைக்கும்வரை அவகாசம் கேட்காதீர்கள். ஏனென்றால் கடிதத்தைப் படித்ததும் அவர் முதலில் கேட்கப்போவது 'எதைப் பற்றி?' என்றுதான். அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், தன்னால் யூகிக்க முடிந்ததிலேயே மிக மோசமான பதிலை அவர் தாமே நிரப்பிக்கொள்வார்.

அந்த முதல் கடிதத்திலிருந்து குற்றச்சாட்டு ஒன்றுகூட அனுப்பும் கடிதத்துக்குள் போகக் கூடாது என்பது என் கருத்து. குற்றச்சாட்டுகள் பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு குற்றச்சாட்டைப் படித்தவருக்கு அதற்குப் பதில் சொல்லும் உரிமை உண்டு. பதில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அதே கடிதத்தில் அவர் பதில் சொல்லியே தீர வேண்டிய விஷயத்தை வைப்பது நியாயமாகாது. அவற்றைப் பேசுவதற்கு மாத முடிவில் ஒரு சந்திப்பு இருக்கிறது.

அவர் காதில் இது எப்படி விழும்

கடிதத்தின் நடையைத் தீர்மானிக்கும் முன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம்பதியரின் சண்டைகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு வடிவம் உண்டு: ஒருவர் பேச வேண்டும், தீர்க்க வேண்டும் என்று நெருங்க நெருங்க, மற்றவர் மௌனமாகி விலகுவார், அவர் விலக விலக முதலாமவர் இன்னும் நெருக்குவார். உளவியலாளர்களான ஆன்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், எந்த விஷயத்தில் யார் மாற்றத்தை விரும்புகிறாரோ அவர் நெருக்குவதும், இருப்பதே போதும் என்று நினைப்பவர் விலகுவதும் இந்த வடிவத்துக்கு ஒரு காரணம் என்று காட்டினார்கள். இதை உங்கள் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். திருமணமோ, இடமாற்றமோ, வேறு எதுவோ வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், விலகுபவர் நீங்கள்தான். அந்த நேரத்தில் வரும் கடிதம் விலகலின் உச்சமாகவே அவருக்குத் தெரியும். முடிவு தெரியாத காத்திருப்பு அவரை மேலும் நெருக்க வைக்கும். தேதியும் விதிகளும் உள்ள விலகல் அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் திரும்பி வந்து பேசப்போகும் நாள் அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே 'கொஞ்ச நாள்', 'சிறிது காலம்', 'மனம் சரியாகும்வரை' போன்றவை இந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாத தொடர்கள். தொடங்கும் நாளும் முடியும் நாளும் தேதியாக வேண்டும். ஒரு மாதம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் வாரம் பெரும்பாலும் குற்ற உணர்விலும் பழக்கத்தை விட்டுவிட்ட தவிப்பிலுமே கழிந்துவிடும். அந்த வாரத்தில் தோன்றும் எண்ணங்களை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. இரண்டு வாரத்தோடு திரும்பினால், யோசிக்கத் தொடங்கியவுடன் திரும்பியதுபோல ஆகிவிடும். மூன்று மாதமோ, இருவருமே தனித்தனி வாழ்க்கைக்குப் பழகிவிடப் போதுமான காலம்.

எழுதும் முன் முடித்துவைக்க வேண்டிய ஏற்பாடுகள்

எங்கே தங்குவீர்கள் என்பது கடிதம் கொடுப்பதற்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். சேர்ந்து வாழ்கிறீர்கள் என்றால், அவகாசம் கேட்பவர் வெளியே போவதுதான் முறை. உங்களுக்குத் தேவைப்படுகிற தனிமைக்காக அவர் வீட்டை விட்டுப் போகும்படி கேட்டால், அது வெளியேற்றம் என்றே அவருக்குத் தோன்றும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த விதி பொருந்தாமல் போகலாம். அவர்கள் எங்கே உறங்குவார்கள், யாரோடு எந்த நாளில் இருப்பார்கள் என்பதை மட்டும் கடிதத்தில் நீங்களாகத் தீர்மானிக்காமல் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிக்க வேண்டும். வாடகை, தவணை போன்ற பொதுச் செலவுகளில் உங்கள் பங்கு வழக்கமான நாளிலேயே போய்ச் சேரும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அதிக நேரம் செலவிட்டு யோசிக்க வேண்டியது தொடர்பு விதியைத்தான். ஒரு மாதம் ஒரு சொல்லும் வேண்டாம் என்பது எழுதுவதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்குக் கடினம். யாராவது ஒருவர் அதை மீறுவார், பிறகு மீறியதைப் பற்றியே மீதி மாதம் ஓடும். தினமும் ஒரு குறுஞ்செய்தி என்று வைத்தால் அந்தச் செய்தியின் தொனியை அளந்துகொண்டே நாள் போகும். வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில் குறித்த நேரத்தில், நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும் ஒரு செய்தி என்பதே நடைமுறையில் தாங்குகிறது. அதற்குப் பதில் கேள்வி கிடையாது, அதுவும் ஒரு நலச்செய்திதான். அவசரம் என்றால் எது என்பதையும் எழுதிவிடுங்கள்: மருத்துவமனை, குடும்பத்தில் மரணம், வீட்டில் உடனே தீர்க்க வேண்டிய ஒரு பழுது. 'அவசரமென்றால் கூப்பிடு' என்று விட்டுவிட்டால், இரவு பதினொரு மணிக்கு மனம் தாங்காமல் போவதும் அவருக்கு அவசரமாகவே இருக்கும், அதை நீங்கள் குறை சொல்லவும் முடியாது.

கைபேசியில் மறைந்திருக்கும் தொடர்பை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எப்போது இணைப்பில் இருந்தீர்கள் என்று காட்டும் வசதி, நீங்கள் இருக்கும் இடத்தைப் பகிரும் வசதி, இருவரும் பயன்படுத்தும் ஒரே கணக்கு ஆகியவை எல்லாம் பேசாமலே செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். இரவு இரண்டு மணிவரை இணைப்பில் இருந்தாள் என்பதைப் பார்த்து அவர் கட்டும் கதையை உங்களால் மறுக்கவும் முடியாது. அந்த மாதத்துக்கு இவற்றை அணைத்துவைக்கப் போகிறேன் என்று கடிதத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அணைத்தால் அது தனியொரு அதிர்ச்சியாக அவரைப் போய்ச் சேரும்.

வேறொருவர் பற்றிய கேள்வியை எழுப்பக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். இந்த மாதத்தில் நாம் இருவரும் உறவில் இருப்பவர்களாகவே நடந்துகொள்வோம் என்று நீங்கள் எழுதாவிட்டால், அந்தக் கேள்வி அவரை ஒவ்வோர் இரவும் அரிக்கும். உங்கள் மனத்தில் உண்மையாகவே வேறொருவர் இருந்தால் இந்தக் கடிதம் அதற்கு இடமில்லை, அதை நேரில் சொல்ல வேண்டும்.

ஒரு கடிதம், முழுமையாக

ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஐந்து ஆண்டுகளாகப் பழகுகிறார்கள், இரண்டு ஆண்டுகளாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பர் 1 அன்று சேர வேண்டும். அவளும் தன் வேலையை விட்டுவிட்டு உடன் வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பேச்சு எழும்போதெல்லாம் அவள் 'எனக்குத் தெரியவில்லை' என்கிறாள், அவர் முகம் வாடுகிறது, அதைத் தாங்க முடியாமல் அவள் 'சரி, பார்க்கலாம்' என்கிறாள், அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். வீட்டைக் காலி செய்வதா என்று ஜூலை 15க்குள் வீட்டு உரிமையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

அவகாசத்தின் தேதிகளை இந்த வெளிக் கெடுதான் தீர்மானிக்கிறது. ஜூலை 15க்குப் பிறகும் நீளும் ஒரு மாதத்தை அவள் கேட்டால், முடிவு அவளுக்காகக் காத்திருக்காமல் தானாக நடந்துவிடும். ஆகவே ஜூன் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஜூலை 1 அன்று சந்திப்பு என்று வைக்கிறாள். இருவரும் பேசி முடிக்க அதன்பின் இரண்டு வாரம் மிஞ்சும். கடிதத்தை மே 25 அன்று கொடுக்கிறாள், ஏனென்றால் படித்துவிட்டுச் சந்தேகங்களைக் கேட்க அவருக்கும் ஒரு வாரம் வேண்டும். அவள் எழுதியது இது:

*அன்புள்ள உனக்கு,*

*இதைப் பேசிப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் நான் சொல்ல வந்தது மாறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.*

*ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை நான் தனியாக இருந்து யோசிக்க விரும்புகிறேன். நான் யோசிக்கப்போவது ஒன்றைப் பற்றித்தான்: உன்னோடு புதிய ஊருக்கு வந்து அங்கே ஒரு வாழ்க்கையைத் தொடங்க எனக்கு மனமார விருப்பமா என்பது. 'பார்க்கலாம்' என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. அதைத் தொடர எனக்கு மனமில்லை.*

*நான் உன்னை விட்டுப் போகவில்லை. இந்த ஒரு மாதத்தில் எதையும் முடிக்க மாட்டேன். செய்தியிலோ தொலைபேசியிலோ இன்னொரு கடிதத்திலோ எந்த முடிவையும் சொல்ல மாட்டேன். எதுவானாலும் ஜூலை 1 மாலை, நம் வீட்டில், நேரில் சொல்வேன். அது என்னவாக இருக்கும் என்று இன்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் அது பொய்யாகிவிடும்.*

*இந்த ஒரு மாதமும் நான் உன் துணையாகவே இருப்பேன். வேறு யாரோடும் பழக மாட்டேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.*

*என் தோழியின் வீட்டில் தங்குகிறேன், முகவரி உனக்குத் தெரியும். அங்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நலமாக இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்புவேன், நீயும் அதேபோல ஒன்று அனுப்பு. வேறு நாள்களில் பேசவோ எழுதவோ வேண்டாம். யாராவது மருத்துவமனையில் இருந்தாலோ, இறந்தாலோ, வீட்டில் உடனே தீர்க்க வேண்டிய பழுது வந்தாலோ எந்த நேரமும் அழை, எடுப்பேன். என் கைபேசியில் இடம் பகிர்வதையும் நான் கடைசியாக எப்போது இணைப்பில் இருந்தேன் என்று காட்டுவதையும் ஜூன் 1 முதல் அணைத்துவைப்பேன். எதையும் மறைப்பதற்காகச் செய்வதில்லை. நாம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.*

*வாடகையில் என் பங்கை வழக்கம்போல ஐந்தாம் தேதி அனுப்பிவிடுவேன். உன் அம்மா கேட்டால், நாங்கள் இருவரும் பேசி ஒரு மாதம் தனியாக இருக்கிறோம், பிரியவில்லை என்று சொல்லலாம். நானும் என் வீட்டில் அதையேதான் சொல்வேன். உனக்கு மனம் விட்டுப் பேச ஒருவர் தேவைப்பட்டால் நீ நம்பும் நண்பரிடம் எல்லாவற்றையும் சொல், எனக்கு வருத்தமில்லை.*

*இதில் உனக்கு எதுவும் புரியவில்லை என்றாலோ, ஓர் ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்றாலோ, மே 31 வரை நாம் பேசலாம். தனித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் மாற்ற முடியாது.*

*இதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஜூலை 1 அன்று உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.*

அந்த வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன

இந்தக் கடிதத்தின் எடை முழுவதும் 'இந்த ஒரு மாதத்தில் எதையும் முடிக்க மாட்டேன்' என்ற வரியில் இருக்கிறது. முதல் வரைவில் பெரும்பாலோர் அந்த இடத்தில் 'நான் கட்டாயம் திரும்பி வருவேன்' என்றோ 'என் அன்பு என்றும் மாறாது' என்றோ எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது அவரைச் சமாதானப்படுத்தும்தான். ஆனால் பதிலை முதலிலேயே கொடுத்துவிட்டு யோசிக்கப் போவதாக ஆகிவிடும். மாத முடிவில் மனம் வேறாக இருந்தால் நீங்கள் வாக்கை மீறியவராவீர்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் 'என்ன நடக்கும் என்று தெரியாது' என்று மட்டும் எழுதினால், எந்த நாளிலும் ஒரு செய்தியில் எல்லாம் முடிந்துவிடலாம் என்ற பயத்தோடு அவர் முப்பது நாளும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிவைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாதவர்கூட, அந்த முடிவு எப்போது, எங்கே, எந்த வழியில் தெரியவரும் என்பதைப் பற்றி வாக்குக் கொடுக்கலாம். அது உங்கள் கையில் இருக்கிறது, உங்களால் காப்பாற்றவும் முடியும்.

'அங்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி சற்றுக் கடுமையாக இருப்பதாகத் தோன்றி அதை எடுத்துவிடத் தூண்டும். எடுக்காதீர்கள். பூவோடும் கண்ணீரோடும் வாசலில் வந்து நிற்பது அன்பின் அடையாளம் என்று நம்பும் ஆண்கள் இருக்கிறார்கள். முன்பே சொல்லப்படாத ஒன்றை அவர்கள் செய்ததற்காக அவர்களைத் திருப்பி அனுப்புவது இருவருக்கும் இன்னும் கடினம்.

நீ, நீங்கள் என்பதில், வீட்டில் எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். வழக்கமான செல்லப் பெயரோடு தொடங்குவதும் நல்லதே. தினமும் 'நீ' என்று பேசுகிறவர் கடிதத்தில் மட்டும் 'தாங்கள்' என்று மாறினால், மற்ற வரிகளைப் படிக்கும் முன்பே அவர் உறவு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார். மன்னிப்பும் ஓர் அளவோடு இருக்க வேண்டும். பத்திக்கு ஒரு 'மன்னித்துவிடு' வந்தால் நீங்கள் குற்றம் செய்வதாகவும், அவர் மனம் வைத்தால் தடுக்கலாம் என்பதாகவும் கடிதம் மாறிவிடும். மேலே உள்ள கடிதத்தில் அவள் தன் தவறு ஒன்றை நேராக ஒப்புக்கொள்கிறாள், அந்த இடத்தில்கூட மன்னிப்புக் கேட்டுத் திரும்பத் திரும்ப நிற்கவில்லை.

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதைவிட நீண்டால் விதிகள் விளக்கங்களுக்குள் புதைந்துவிடும், அவர் மீண்டும் மீண்டும் படிப்பது விளக்கங்களையே.

கொடுப்பது

கையால் எழுதி, நேரில் கொடுங்கள். அலுவலகத்தில் இருக்கும்போது கைபேசியில் வந்து விழும் நீண்ட செய்தியாக இது போகவே கூடாது. சண்டை நடந்த நாளிலும், பிறந்தநாளையோ முக்கியமான தேர்வையோ ஒட்டிய நாளிலும் வேண்டாம். இருவருக்கும் அடுத்த நாள் விடுமுறையாக இருக்கும் ஒரு மாலை பொருத்தமாக இருக்கும். 'உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இது பிரிவுக் கடிதம் இல்லை. நீ படித்து முடிக்கும்வரை அடுத்த அறையில் இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், எந்தக் காரணத்துக்காகக் கடிதம் எழுதினீர்களோ அதுவே மறுபடி நடக்கும்: அவர் முகம் வாடும், நீங்கள் வார்த்தையைத் திரும்பப் பெறுவீர்கள்.

அவர் படித்துவிட்டு வந்து கேட்கக்கூடியவற்றில் மூன்றுக்குத் தயாராக இருப்பது நல்லது. 'ஒரு மாதம் எதற்கு, ஒரு வாரம் போதாதா?' என்பது முதலாவது. ஏற்பாடுகளை மாற்றலாம், ஞாயிறு செய்தியைப் புதன்கிழமைக்கு நகர்த்தலாம், வாரம் ஒரு முறை என்பதை இரண்டு முறையாக்கலாம். கால அளவை மட்டும் குறைத்தால் முதல் வாரத்தின் தவிப்போடு திரும்புவீர்கள் என்பதால் அதில் உறுதியாக இருங்கள். 'நான் என்ன தப்புச் செய்தேன்?' என்பது இரண்டாவது. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் கடிதத்தில் நீங்கள் தவிர்த்த குற்றப்பட்டியல் வாய்மொழியாக வந்துவிடும். 'கேள்வி உன்னைப் பற்றியதில்லை, என் பதிலைப் பற்றியது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஜூலை 1 அன்று சொல்வேன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பலரை நிலைகுலைய வைக்கிறது: 'அப்படியென்றால் இப்போதே முடித்துக்கொள்வோம்.' இதைப் பெரும்பாலும் அவர் முடிவாகச் சொல்வதில்லை, காத்திருக்கும் வலியை விடத் தெரிந்த வலி மேல் என்று தோன்றுவதால் சொல்கிறார். அதை எதிர்த்து வாதிடவும் வேண்டாம், பயந்து கடிதத்தைத் திரும்ப வாங்கவும் வேண்டாம். 'நான் முடிக்கவில்லை. நீ முடிக்க விரும்பினால் அது உன் உரிமை. ஆனால் இன்று இரவே சொல்லாமல் மே 31 அன்று சொல்' என்று கேளுங்கள். சில நாள் கழித்தும் அவர் அதையே நிதானமாகச் சொன்னால், காத்திருக்க முடியாது என்பது அவருடைய உண்மையான பதில். ஒரு மாதம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல மறுக்கும் உரிமை அவருக்கும் இருக்கிறது. கடிதம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் இந்த எல்லையை அது தாண்டாது.

அந்த மாதத்தில்

விதி மீறப்படும் என்று எதிர்பார்த்திருங்கள். ஒரு வியாழன் இரவு 'தூக்கம் வரவில்லை' என்று அவர் எழுதலாம். அதற்குப் பதில் எழுதினால் ஞாயிறு என்ற விதி அன்றோடு போய்விடும். பதிலே இல்லாவிட்டால் கைவிட்டதுபோலத் தோன்றும். 'உன் செய்தியைப் பார்த்தேன். ஞாயிறு அன்று எழுதுகிறேன்' என்ற இரண்டு வாக்கியம் போதும், ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வாக்கியம். அவ்வாறு சொல்லியும் தினமும் செய்திகள் வந்து, அவை கெஞ்சலிலிருந்து மிரட்டலுக்கு மாறினாலோ, வேண்டாம் என்று சொன்ன வாசலில் அவர் வந்து நின்றாலோ, இந்த உறவைப் பற்றி உங்களுக்கு முன்பு தெரியாத ஒன்று தெரிகிறது. அப்போது நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்வியே மாறிவிட்டது, தங்கியிருக்கும் இடத்தில் இருப்பவர்களிடமும் அதை உடனே சொல்லிவைக்க வேண்டும்.

விதியை நீங்களே மீறத் துடிக்கும் நாள்களும் வரும். அதில் கவனிக்க வேண்டியது எந்த நேரத்தில் துடிக்கிறீர்கள் என்பதை. அவரைப் பற்றிய கவலையில் அழைக்கத் தோன்றுகிறதா, தனியாகச் சாப்பிடும் நேரத்தின் வெறுமையில் தோன்றுகிறதா, அல்லது நல்ல செய்தி ஒன்று கிடைத்ததும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா? முதலாவதில் பொறுப்புணர்வும் இரண்டாவதில் பழக்கமும் பேசுகின்றன. மூன்றாவது வேறு வகை. ஒரு சிறிய நோட்டில் நாளையும் நேரத்தையும் போட்டு ஒரு வரி எழுதிவையுங்கள். மூன்றாம் வாரத்தில் அதை எடுத்துப் படிக்கும்போது, தலைக்குள் வாதாடிக் கிடைக்காத பதில் அந்த வரிகளில் ஓரளவு தெரியும்.

யோசிக்க எடுத்துக்கொண்ட மாதத்தில் ஆலோசகர்களைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். ஒருவர் போதும், அவரும் உங்களுக்காக முடிவெடுக்கத் துடிக்காதவராக இருக்க வேண்டும்.

குறித்த நாள்

சந்திப்பின் நேரத்தையும் இடத்தையும் அதற்கு முந்தைய நாளில் ஒரு செய்தியில் உறுதிசெய்யுங்கள். போனவுடன், நலம் விசாரித்து உணவு முடித்து பிறகு சொல்லலாம் என்று தள்ளாதீர்கள். ஒரு மாதம் காத்திருந்தவருக்கு அந்த அரை மணி நேரம் மிகக் கொடுமையானது. கேட்ட கேள்விக்கான பதிலை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன பெண் 'எனக்கு வர விருப்பமில்லை, ஆனால் உன்னை விட்டுவிடவும் விருப்பமில்லை' என்று சொல்ல நேர்ந்தால், அது முழுப் பதில் போலத் தோன்றாவிட்டாலும் பதில்தான். இரண்டு ஊர்களில் இருந்தபடி உறவைத் தொடர முடியுமா என்பதை ஜூலை 15க்குள் இருவரும் சேர்ந்து பேசலாம். பிறகு அவர் பேசட்டும். அவருக்கும் இந்த மாதத்தில் மனம் மாறியிருக்கலாம், அவருடைய பதில் உங்கள் பதிலோடு பொருந்தாமலும் இருக்கலாம்.

பதில் உண்மையாகவே கிடைக்காமல் போகும் நிலையும் உண்டு. அப்போது இன்னும் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு மேற்படாமல், புதிய தேதியோடு அவகாசம் கேட்கலாம், அவர் ஒப்புக்கொண்டால் மட்டும். அதற்கு மேலும் நீட்டாதீர்கள். ஆறு வாரம் தனித்திருந்தும் 'வருகிறேன்' என்று சொல்ல மனம் வரவில்லை என்றால், அதை அப்படியே அவரிடம் சொல்லி, வீட்டு உரிமையாளருக்குத் தர வேண்டிய பதிலை அதற்கேற்ப இருவரும் எழுதிக்கொள்வதே மிஞ்சியிருக்கும் வேலை.